ஒட்டியும் வெட்டியும்

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் யூகலிப்டஸுக்கு ஆர்.எஸ்.பதி மரம் என்று பெயர். தைலப் புட்டியில் இருந்த பெயர் மரத்தில் ஏறிக்கொண்டது. பேருந்தில் எந்தப் பக்கம் போனாலும் அந்தத் தோப்பு வருவதால், மகளின் பள்ளி விவாதப் போட்டிக்கும் அதுவே தலைப்பாக வந்ததில் வியப்பில்லை. தலைப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். மொழிபெயர்ப்பு வழக்கம்போல அப்பன் தலையில்.

அரசு நிலத்திலுள்ள யூகலிப்டஸ் பிளான்டேஷன்களை 'திஸ் ஹவுஸ் வுட் ஃபேஸ் அவுட்' என்று இருந்தது. "இந்த வீடு தைலமரத்தை நீக்கும்" என்று கம்பீரமாக எழுதினேன். வாசல் கூட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரி, "இந்த வீடு மொதல்ல பரண்ல இருக்கிற பழைய பேப்பரை நீக்கட்டும்" என்றாள்.

அது வீடு இல்லையாம், அவை. 'நீக்கும்' என்றால் ஜோசியம்போல் இருக்கிறது. 'நீக்க வேண்டும்' என்றால்தான் வாதம். அதன் பிறகு அரசாங்கம் செய்யுமா செய்யாதா என்று எதிரணி இழுக்க முடியாது. செய்வது நல்லதா என்பது மட்டுமே வழக்கு. 'பிளான்டேஷ'னுக்குத் 'தைலமரக் காடு' என்று போட்டேன். மகள் அடித்துவிட்டாள். காட்டை அழி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தலைப்பைப் படிக்கும்போதே ஓர் அணி பாதி தோற்றுப்போகும். 'தோப்பு' என்றால் யாருக்கும் சாய்வில்லை. 'படிப்படியாக' என்ற சொல் நீளமாக இருக்கிறதே என்று நான் வெட்டியதையும் திரும்ப ஒட்டினாள். அது இல்லாவிட்டால், ஒரே நாளில் அத்தனை மரத்தையும் சாய்க்கச் சொல்கிறார்கள் என்று எதிரணி நாலு நிமிடமும் ஒப்பாரி வைக்கும்.

எந்தப் பக்கம் என்பது மேடையில் காசு சுண்டித்தான் தெரியும். ஆகவே ஒட்டியும் தயார், வெட்டியும் தயார். வெட்டிப் பேச்சுக்கு இந்த வீட்டில் ஆள் தேட வேண்டியதில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஒட்டிப் பேசுபவர் முதலில் திட்டத்தைச் சொல்ல வேண்டும். நிற்கும் மரத்தை வெட்டும் பருவத்தில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்க விடாமல் தோண்டி எடுத்து, அங்கே நாட்டு மரம் நட வேண்டும். பிறகு காரணம்: தோப்பு மறிப்பதால் மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வரவில்லை. கூடவே, 2017-ல் கர்நாடகம் புதிதாகத் தைலமரம் நடத் தடை போட்ட கதை. நான் அதைப் பெரிய அஸ்திரமாக வைத்தேன். "அது புதுசா நடுறதுக்குத் தடைப்பா, இருக்கிறதை எடுக்கச் சொல்லலையே" என்று மகள் முனையை முறித்தாள்.

வெட்டிப் பேச: கூழ்மரத்தால் வரும் வருமானம், மரம் வெட்டுபவர்களின் கூலி, வேறு எதுவும் லேசில் வராத செம்மண் மேடு. கண்மாய் வாதத்துக்கு மறுப்பாக, "தைலம் சளிக்கு நல்லது" என்று எழுதியிருந்தேன். மறுப்பு என்பது எதிராளி சொன்ன காரணத்தின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். நான் பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்திருந்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டே வீட்டுக்காரி சொன்னாள்: "ஏங்க, தண்ணியை மறிக்கிறது மரமா, தோப்புக்குள்ள போட்டிருக்கிற வரப்பா? வரப்புதான்னா அதை உடைங்க. மரத்தை ஏன் எடுக்கணும்?"

நான் வாயைத் திறக்குமுன் மகள் துள்ளினாள். இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது. தீங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதற்குச் சின்ன மருந்து போதும் என்று காட்டிவிடுகிறது. அந்தத் தெம்பில் நான் ஒட்டும் அணிக்கு மாறி, மரம் உறிஞ்சும் தண்ணீர், வேரின் ஆழம் என்று அடுக்கினேன். எவ்வளவு ஆழம், எந்தக் கிணற்றில் எவ்வளவு இறங்கியது என்று இருவரும் கேட்டார்கள். அத்தோடு என் வேர் நின்றது.

கடைசியில் ஒட்டும் அணியைக் காப்பாற்றியவளும் மகள்தான். வரப்பை உடைத்தால் தோப்பில் ஈரம் நிற்காது, மரம் பருக்காது, அப்புறம் முதல் பேச்சாளர் சொன்ன வருமானம் எங்கே, கூலி எங்கே? ஒரே அணியின் இரண்டாவது ஆள் முதல் ஆளின் காலை வாரும் இந்த இடத்தைத்தான் நடுவர்கள் குறித்துக்கொள்வார்களாம். ஒரே ராத்திரியில் இரண்டு அணிக்காகவும் பேசி இரண்டிலும் தோற்றவர் இந்த மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் பார்க்க ஆசை.

காசு ஒட்டும் பக்கம் விழுந்தது. மகள் கோப்பையோடு வந்தாள். செய்தி அறந்தாங்கி வரை போய், சொந்த நிலத்தில் இரண்டு ஏக்கர் தைலமரம் வைத்திருக்கும் மாமனார் அன்று ராத்திரியே போன் போட்டார்.

"மாப்ளே, மரத்தையெல்லாம் எடுக்கணும்னு பேத்திக்கு எழுதிக் குடுத்தீங்களாமே?"

அரசு நிலம் மட்டும்தான் என்று தலைப்பை எடுத்துக்காட்டி முழு வழக்கையும் தள்ளுபடி செய்திருக்கலாம். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"படிப்படியாத்தான் மாமா."