முதுகு தெரிந்த காலம்

அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த நாட்களில் எங்கள் கடைச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. தலையில்லாத பெண்கள் வரிசையாக முதுகைக் காட்டி நிற்பார்கள். வருகிறவர்கள் விரலை வைத்து “இது” என்பார்கள். அம்மா அளவு ஜாக்கெட்டை மடித்துப் போட்டு, சாக்பீஸால் ஒரு பானை வரைந்து, வெட்டிவிடுவாள். தன் முதுகில் அது எப்படி உட்கார்ந்தது என்பது உடுத்தியவளுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கே தெரியும். ஆனாலும் புகார் வராது.

இப்போது கடை என் கையில். துணியைக் கொடுப்பதற்கு முன்பே முதுகைப் படம் எடுத்து, அதன்மேல் ஆப்பில் டிசைனை ஒட்டிப் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு கல்யாணப் பெண் பானைக் கழுத்தைத் தேர்ந்தெடுத்தாள். முடி மறைக்கிறதே என்று இரண்டு கையாலும் பின்னலைத் தூக்கிக்கொண்டாள். கை மேலே போனால் ஜாக்கெட்டும் கூடவே ஏறும்; 14 அங்குல முதுகு 13 ஆகத் தெரியும். அதனால் முடியைக் கிளிப் போட்டு ஏற்றி, கையைத் தொங்கவிடச் சொல்லி, கழுத்தெலும்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, அவள் போனிலேயே எடுத்தேன். போன் தோள்பட்டை எலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் இறக்கம் குறைவாகத் தெரிந்து, “இன்னும் இறக்குங்கக்கா” என்பார்கள்.

படத்தில் பானை 11 அங்குலம் இறங்கியிருந்தது. கீழே மிச்சம் மூன்றே அங்குலம். “சூப்பர்க்கா!” என்றாள். சூப்பராகத்தான் இருக்கும். டிசைனுக்குள் வருகிற இடத்தையெல்லாம் ஆப் தோல் நிறத்தால் நிரப்பிவிடுகிறது. பிரா பட்டையும் அதோடு காணாமல் போய்விடுகிறது. படத்து ஜாக்கெட் தோளிலிருந்து நழுவுவதும் இல்லை. முன்கழுத்தும் இறக்கம், பின்கழுத்தும் இறக்கம் என்றால் துணியைத் தோளில் பிடித்துவைக்க என்ன இருக்கிறது? கடைசியில் 10 அங்குலத்துக்கு ஒத்துக்கொண்டாள். மேலே ஒரு கயிறு, உள்ளே கப். கயிற்று நுனியில் குஞ்சம் என்பது அவளுடைய நிபந்தனை.

இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. படம் குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போனது. கழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. “முதுகு ஏன் கருத்திருக்கு?” என்று பெரியம்மா கேட்டாராம். அடுத்த நாளே அவள் பார்லருக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பின்கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை பூ தைத்த சடை. பானை, கயிறு எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஓரமாகக் குஞ்சம் மட்டும் எட்டிப் பார்த்தது. இப்போதெல்லாம் போனை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: “அன்னைக்குக் கொண்டையா, சடையாம்மா?”

“பியூட்டிஷியனைக் கேட்டுச் சொல்றேன்க்கா.”