செட்டர் அண்ணன்

ஓசூர் சிப்காட்டிலோ சிட்கோவிலோ எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு செட்டர் அண்ணன் இருப்பார். சட்டைப்பையில் கூலன்ட் கறை ஏறிய குட்டி டைரி. மெஷினைத் தெலுங்கில் திட்டுவார். பெங்களூரிலிருந்து இன்செர்ட் கொண்டுவருகிறவரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார். முதலாளியிடம் மட்டும் தமிழில் மௌனமாக இருப்பார்.

1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே உற்பத்தியைத் தொடங்க, அவற்றுக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுக்கச் சின்னச் சின்ன ஷெட்டுகள் முளைத்தன. அன்றைய ராஜா, லேத்தில் கைப்பிடி சுற்றிய டர்னர். பிறகு சிஎன்சி வந்தது. "இனிமே கைப்பிடி சுத்தறவங்களுக்கு வேலை இல்லைங்கண்ணா" என்று அந்த டர்னர்களிடம் உற்சாகமாகச் சொல்லித் திரிந்தவர் நம் அண்ணன்தான். அதை இப்போது யாராவது நினைவுபடுத்தினால் அவருக்கு டீ புரையேறும்.

ஏனென்றால் ஷெட்டின் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்து, டிப்ளமோ முடித்த பையன் ஒருவனை உட்கார்த்தி, கேம் சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பையன் பாகத்தை முப்பரிமாணத்தில் வரைகிறான், டூலைத் தேர்ந்தெடுக்கிறான், ஒரு பட்டனைத் தட்டுகிறான், புரோகிராம் வந்துவிடுகிறது. அண்ணனின் டைரியில் இருபது வருடச் சொத்தாக இருந்தது இது:

```
G71 U1.5 R0.5
G71 P10 Q20 U0.4 W0.1 F0.25
```

ஒவ்வொரு வெட்டும் ஒன்றரை மில்லி ஆழம். கடைசி ஃபினிஷிங்குக்கு விட்டத்தில் 0.4 மில்லி மிச்சம். நடுவில் எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதை மெஷினே கணக்குப் போட்டுக்கொள்ளும். பையனின் கம்ப்யூட்டரோ போகிற வெட்டு, வருகிற வெட்டு எல்லாவற்றையும் வரிவரியாக எழுதி நீட்டிவிடுகிறது. "ரெண்டு வரியில முடியறதுக்கு ரெண்டு பக்கமா!" என்று அண்ணன் அதையே ஒரு மாதம் பேசினார். பையன் மறுக்கவில்லை. அந்த இரண்டு பக்கம் வருவதற்கு இரண்டு விநாடி ஆனது என்பதையும் அவன் சொல்லவில்லை. அதுதான் அண்ணனை உறுத்தியது.

பயத்தை அவர் பயமென்று ஒப்புக்கொள்வதில்லை. பையனின் புரோகிராமை முதல் பீஸுக்கு ஓட்டும்போது ஒவ்வொரு வரியாக நிறுத்தி, கட்டைவிரலை ஃபீட் ஹோல்டு பட்டன் மேலேயே வைத்திருப்பார். பாதுகாப்புக்காகத்தான். டூல் சக்கில் இடிக்காமல் ஜாப் ஒழுங்காக முடிந்துவிட்டால் மட்டும் முகம் லேசாக வாடும்.

தெய்வம் ஒருநாள் கண் திறந்தது. மெல்லிய சுவருள்ள புஷ் ஒன்று வந்தது. உள்விட்டம் 25 மில்லி, 0.021 வரை கூடலாம், துளியும் குறையக் கூடாது. திரையில் எல்லாம் அழகு. கடைந்து எடுத்து போர் டயலை விட்டுத் திருப்பினால் எந்தப் பக்கமும் அளவு சரி. ஆனால் பிளக் கேஜ் உள்ளே நுழையவில்லை. பையன் ஆஃப்செட்டை மாற்றினான். அடுத்த பீஸும் அப்படியே.

அண்ணன் நிதானமாக டீயை முடித்துவிட்டு வந்தார். பிளக் கேஜில் நீல மை தடவி அழுத்தித் திருப்பினார். புஷ்ஷுக்குள் மூன்று இடத்தில் மை ஒட்டியிருந்தது.

"சக்குல எத்தனை ஜா தம்பி?"

"மூணுங்கண்ணா."

மூன்று ஜாவும் மெல்லிய சுவரை இறுக்கிப் பிடிக்கும்போது புஷ் உள்ளே நசுங்குகிறது. அந்த நிலையில் துளை வட்டமாகத்தான் கடையப்படுகிறது. பிடியை விட்டதும் சுவர் பழையபடி விரிய, வட்டம் மூன்று மூலையாகிவிடுகிறது. போர் டயல் எதிரெதிரே இரண்டு புள்ளியில்தான் தொடும். ஒரு பக்கம் பிதுங்கினால் நேர் எதிரே ஒடுங்கியிருக்கும், ஆகவே அதற்குத் தெரியாது. அண்ணன் சாஃப்ட் ஜா மாட்டி, புஷ்ஷின் வெளிவிட்டத்துக்கே அதைக் கடைந்து, சுவர் முழுக்க அணைத்துப் பிடிக்கும்படி செய்தார். சக் பிரஷரைப் பாதியாகக் குறைத்தார். பிளக் கேஜ் வழுக்கிக்கொண்டு போனது. அன்று மதியம் இரண்டு சாப்பாடு சாப்பிட்டார்.

மாலையில் கண்ணாடித் தடுப்புப் பக்கம் போனவர் திரையைப் பார்த்தார். பையன் ஜாவின் விட்டம், பிரஷர் எல்லாவற்றையும் செட்டப் ஷீட்டில் ஏற்றி, படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தான். "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லைங்கண்ணா" என்றான், மனதார.

இப்போது அண்ணன் ஞாயிறுதோறும் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டி பொம்மசந்திராவில் நிற்கிறது. அங்கே ஒரு மாடியில் கேம் வகுப்பு. முதல் நாள் கடைசி பெஞ்சில் பக்கத்து ஷெட் செட்டர் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இந்தப் பக்கம்?"

"சும்மா, பையனைச் சேர்க்கலாமான்னு விசாரிக்க வந்தேன். நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

இருவரும் மவுஸைக் கையில் எடுத்தார்கள். இருவருக்கும் மகள்கள் மட்டும்தான்.