கையெழுத்து பறிக்க முடியாத கிராஜுவிட்டி

நியமன ஆணையின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே, சில நிறுவனங்கள் ஒரு வரி சேர்க்கின்றன: “பணியாளர் கிராஜுவிட்டி எதுவும் கோரமாட்டார், அந்த உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறார்.” வேலை வேண்டுமே என்று எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரி சட்டப்படி செல்லாது.

தனக்கு மட்டுமே உரிய சலுகையை ஒருவர் வேண்டாம் என்று சொல்லலாம். கிராஜுவிட்டி அந்த வகையல்ல. பேரம் பேசும் பலமில்லாத ஒரு வர்க்கத்துக்காக நாடாளுமன்றம் வகுத்த குறைந்தபட்சப் பாதுகாப்பு அது. கையெழுத்து வாங்கி அதைக் கழற்றிவிடலாம் என்றால், எல்லா நிறுவனங்களும் அந்த வரியை அச்சடித்து வைத்துக்கொள்ளும். சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். ஒரு சட்டத்தின் நோக்கத்தையே முறியடிக்கும் உடன்பாடு செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்வது இதனால்தான். 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டமும், சட்டத்தைவிடக் கூடுதலாகத் தரும் ஒப்பந்தத்தை மட்டுமே 4(5)ஆம் பிரிவில் காப்பாற்றியது. கூட்டித் தரலாம், குறைக்க முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 8 வருடம் 7 மாதம் வேலை பார்த்து 2024இல் விலகினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்கில் வருவதால் மொத்தம் 9 வருடம், அதாவது 1,35,000 ரூபாய். அவர் கையெழுத்திட்ட அந்த ஒற்றை வரி அழிக்கப் பார்த்தது இந்தத் தொகையைத்தான். வரி செல்லாமல் போனாலும் சம்பளம், பதவி பற்றிய மற்ற நிபந்தனைகள் அப்படியே நிற்கும்.

எல்லா விட்டுக்கொடுத்தலும் இப்படிச் செல்லாமல் போய்விடாது. சட்டம் கட்டாயமாக்காத போனஸையோ கூடுதல் விடுப்பையோ கைவிட்டு எழுதிக் கொடுத்தால், அது பெரும்பாலும் கட்டுப்படுத்தும். ஐந்து வருடம் முடியுமுன் ராஜினாமா செய்தவருக்குப் பழைய சட்டப்படி கிராஜுவிட்டி உரிமையே பிறந்திருக்காது. இறப்பும் உடல் ஊனமும் அதற்கு விலக்கு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஒரு வருடமே போதும்.

விலகும்போது “எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை” என்று எழுதி வாங்குவதும் நடக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று உரிமையைக் கைகழுவிவிடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால், தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம் தாமதிக்காமல் மனு கொடுங்கள்.