பூனை வாசமும் பழைய கொடிகளும்

இன்று பிரெஞ்சு ஒயின் புட்டி எதையாவது எடுத்துத் திருப்பிப் பாருங்கள், முதுகில் சுத்தமான ஆங்கிலம் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு க்யூஆர் கட்டம். 2023 டிசம்பருக்குப் பிறகு தயாரான ஒயின் என்றால், உள்ளே சேர்ந்த பொருள்களையும் கலோரிக் கணக்கையும் அந்தக் கட்டம் போனில் சொல்லிவிடும். இத்தனையும் தெரிந்துகொள்ளும் காலத்தில் அந்த ஒயின் என்ன ருசி என்பது மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் ஒரு சின்ன ஒயின் கடையில், புதுச்சேரிப் பள்ளிப் பிரெஞ்சை மட்டும் முதலாக வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலையே இந்த மொழிபெயர்ப்புதான். லேபிளையும், விவசாயிகள் அனுப்பும் ருசிக்குறிப்பையும் ஆங்கிலமாக்கி, உள்ளங்கையளவு அட்டையில் தட்டச்சு செய்து, அலமாரி விளிம்பில் செருகவேண்டும். ஒரு சொல்லைக்கூட விடக்கூடாது என்ற பக்தி எனக்கு. முக்கால்வாசியை அடித்துவிடும் பென்சில் முதலாளிக்கு.

ஒருநாள் வந்த போர்தோ சிவப்பில் 'கிரான் வான் தெ போர்தோ' என்று தங்க எழுத்து, கீழே 'வியேய் வீஞ்', அடியில் 'மீஸான் பூத்தேய் தான் நோ ஷே'. போர்தோவின் மகத்தான ஒயின், முதிய கொடிகள், எங்கள் கிடங்கில் புட்டியில் அடைத்தது என்று கவிதை போலத் தட்டிக்கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தார். முதலாவது எந்தத் தரவரிசையும் அல்ல, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். முதிய கொடி என்றால் எத்தனை வயது என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்லவில்லை (இன்றைக்கும் சொல்லவில்லை). மூன்றாவதுதான் நிஜமான சங்கதி என்றார். 'ஓ ஷாத்தோ' என்றிருந்தால் கொடி வளர்ந்த தோட்டத்திலேயே அடைத்தது. 'ஆ லா புரோப்ரியேத்தே' என்றிருந்தால் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அடைத்ததாகவும் இருக்கலாம். 'எங்கள் கிடங்கில்' என்றால் பெரும்பாலும் வாங்கிக் கலந்து அடைக்கும் வியாபாரியின் கிடங்கு. அந்த 'எங்கள்' யார் என்பது அடியில் பொடி எழுத்தில் உள்ள பெயரிலும் ஊரிலும் இருக்கிறது. மிச்சம் நின்றது ஊர், ஆண்டு, 'வியாபாரி அடைத்தது' என்ற ஒரு வரி. என் கவிதை போயிற்று. புட்டி என்னவோ நன்றாகவே விற்றது.

ருசிக்குறிப்பு வேறு ரகம். லுவார் ஆற்றோரத்துச் சான்செர் வெள்ளை ஒயினுக்கு வந்த தாளில் 'குரோசேய் ஆ மாக்கரோ' என்றிருந்தது. அகராதியைப் புரட்டினால் கூஸ்பெரி. நமக்கா தெரியாது, பள்ளியில் படித்த நெல்லிக்காய்தானே என்று, திருவிழாவில் உப்புத் தொட்டுத் தின்ற ஞாபகத்தோடு எச்சில் ஊறத் தட்டினேன். சீமைக் கூஸ்பெரிக்கும் நம் நெல்லிக்கும் புளிப்பைத் தவிர உறவே இல்லை என்பது, முதலாளி அவர் தோட்டத்துக் கூஸ்பெரியை ஒரு காகிதப்பையில் கொண்டுவந்து கொடுத்தபோது நாக்குக்குத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் அதை அயலை மீனோடு சேர்த்துச் சாஸாக உண்பதால்தான் அந்தப் பெயர் என்பதையும் அன்றுதான் கேட்டேன். மீன்குழம்பு ஊர்க்காரனுக்கு அது ஒரு ஆறுதல்.

அதே தாளில் அடுத்த வரி 'பிப்பி தெ ஷா'. பூனை மூத்திரம். பாராட்டாகத்தான் எழுதியிருந்தார்கள்! சொவிஞ்ஞோன் ஒயினில் மிகச் சிறிய அளவில் உள்ள ஒரு கந்தகச் சேர்மத்தின் வாசம் அது. தோட்டவேலிக்கு வெட்டும் பாக்ஸ் செடியின் இலையிலும் அதே சேர்மம் உண்டு. இங்கிலாந்தில் ஒயின் தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் பூனையைச் சிரிக்காமல் சொல்வார்கள். ஆனால் சனிக்கிழமை மாலையில் ஒரு புட்டி வாங்க வரும் பாட்டியம்மாவிடம் எப்படிச் சொல்வது? 'மழைக்குப் பிறகு வெட்டிய பாக்ஸ் வேலி' என்று முதலாளி அட்டையில் எழுதவைத்தார். பூனை ஓடிப்போனது, வாசம் அப்படியே இருந்தது. அதற்குமேல் நல்ல மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் இன்று 'மினரல், புத்துணர்ச்சி, நேர்த்தி' என்று விவசாயியே ஆங்கிலத்தில் அச்சடித்து அனுப்புகிறார். எந்தப் புட்டிக்கும் பொருந்துவதால் தவறே இல்லாத எழுத்து. என்னைப் போன்றவனுக்கு அதில் வேலையும் இல்லை. சர்க்கரை எத்தனை கிராம் என்று கட்டம் சொல்வதையும் குறைசொல்ல மனமில்லை. 'முவாலே' என்ற சொல்லைப் பார்த்து, மென்மையானது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, இனிப்பு ஒயினை மீனோடு பரிமாறியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.

ஆனாலும் யாராவது பிரெஞ்சுப் புட்டியைக் கையில் கொடுத்தால் தங்க எழுத்தை விடுங்கள், அடியில் பொடியாக இருக்கும் அடைத்தவர் பெயரையும் ஊரையும் முதலில் படியுங்கள். அந்த வரியை இன்னும் பிரெஞ்சிலேயேதான் போடுகிறார்கள்.