ஐந்தாம் பக்கத்தின் முதுகில் என்ன?

காமிக்ஸில் படிப்பவரைத் திடுக்கிட வைக்கும் காட்சியை எந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும்?
– வாசகி, மேலூர்

இரட்டைப்படைப் பக்கத்தில், அதுவும் முதல் பேனலில்.

கையில் இருக்கிற எந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் விரித்துப் பாருங்கள். 1, 3, 5 எல்லாம் வலது கைப்பக்கம். 2, 4, 6 எல்லாம் இடது. வலப்பக்கத்தின் கடைசி பேனலைப் படித்த பிறகுதான் தாள் திரும்பும். அந்த ஒரு நொடிதான் எழுத்தாளருக்குக் கிடைக்கும் திரைச்சீலை. கேள்வியை ஐந்தாம் பக்கத்தின் கடைசியில் போடுங்கள். பதிலை ஆறாம் பக்கத்தின் உச்சியில் போடுங்கள்.

ஏழாம் பக்கத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், திருமங்கலம்

எல்லாமே குறைந்துவிடும். தாளைத் திருப்பியதும் ஆறும் ஏழும் ஒன்றாகத்தான் கண்ணில் படும். படிப்பது இடமிருந்து வலம் என்றாலும் பார்ப்பது ஒரே வீச்சு. ஏழில் பெரிய படம் இருந்தால் கண் முதலில் அங்கேதான் பாயும். பிறகு ஆறைப் படிப்பது விடை தெரிந்த விடுகதையைக் கேட்பதுதான்.

தியரி போதும். மதுரையிலேயே நடக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்களேன்!
– கல்லூரி மாணவர், கே.புதூர்

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கே போவோம். ஓவியரிடம் கொடுக்கிற ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்.

பக்கம் 5 (வலப்பக்கம், 5 பேனல்)

பேனல் 1: பக்க அகலம் முழுக்க. இரவு. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தை உயரத்திலிருந்து பார்க்கிறோம். வரிசையாக பஸ்கள், மூட்டை முடிச்சுகளோடு கூட்டம். நடுவில் சின்னதாக ஒரு மாணவி, தோளில் பை.
கேப்ஷன்: பொங்கலுக்கு முந்தின ராத்திரி.

பேனல் 2: நடைமேடை. மாணவி இடது ஓரம் நிற்கிறாள். வலப்பக்கம் ஒரு பெஞ்ச். அதில் ஒரு பெரியவர் மட்டும், தலைக்குத் துண்டு வைத்துப் படுத்திருக்கிறார். மற்ற பெஞ்சுகள் நிரம்பி வழிகின்றன. அவர் மணிக்கட்டில் சுற்றிய கயிறு தரையில் இறங்கி, படத்தின் வலது விளிம்பைத் தாண்டிப் போகிறது.
மாணவி: தாத்தா, இங்கிட்டு உக்காரலாமா?
பெரியவர்: உக்காரு தாயி. கயித்த மட்டும் மிதிச்சிராத.

பேனல் 3: தரை மட்டும், மிக அருகில். அவள் செருப்பு. பக்கத்தில் விறைப்பாக நிற்கும் கயிறு. இரண்டு வைக்கோல் துரும்பு. வசனம் இல்லை.

பேனல் 4: மாணவி தூணருகே. கயிறு தூணுக்குப் பின்னால் மறைகிறது. அந்தப் பக்கமிருந்து மூன்று பயணிகள் விலகி வருகிறார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்தபடி.
மாணவி: யார தாத்தா கட்டி வச்சிருக்கீங்க?

பேனல் 5: சின்ன பேனல். அவள் முகம் மட்டும், வலப்பக்கம் பார்த்தபடி. பார்வை மேலே போகிறது.
பெரியவர் (படத்துக்கு வெளியே): நம்ம பயதான் தாயி. ரொம்பக் கூச்சப்படுவான்.

பக்கம் 6 (இடப்பக்கம், 2 பேனல்)

பேனல் 1: பக்கத்தின் முக்கால் பாகம். தரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் கோணம். ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று, நிற்கிற பஸ்ஸை ஒட்டி நிற்கிறது. விரிந்த கொம்பு, மலை மாதிரித் திமில், நெற்றியில் சந்தனம். பஸ் ஜன்னலெல்லாம் முகங்கள். கேப்ஷன் இல்லை. வசனம் இல்லை.

பேனல் 2: காளை அவள் பையை முகர்கிறது. அவள் சிலையாக நிற்கிறாள். பின்னால் பெரியவர் கொட்டாவி விடுகிறார்.
பெரியவர்: காலையில அவனியாபுரம் வாடிவாசல். ஏத்தி வந்த வண்டி மக்கர் பண்ணிருச்சு.

இவ்வளவு விவரம் ஓவியருக்குத் தேவையா? அவருக்கே தெரியாதா?
– ஓவிய ஆசிரியர், உசிலம்பட்டி

பஸ் நிலையத்தை எப்படி வரைவதென்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கடைகளையும் விளக்குகளையும் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆறாம் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்பதற்கு ஐந்தாம் பக்கத்தில் எதெல்லாம் அவசியமோ அதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் பேனலில் மாணவி இடது ஓரம் என்று சொன்னதற்குக் காரணம், முதலில் பேசுவது அவள். இடப்பக்கம் இருக்கிற பலூனைத்தான் முதலில் படிப்போம். பெரியவரை இடது பக்கம் வரைந்துவிட்டால் பதில் முந்திக்கொள்ளும், அல்லது இரண்டு பலூன்களின் வால்களும் குறுக்கே பின்னிக்கொள்ளும். கயிறு வலப்பக்கமே போக வேண்டும் என்றதும் அதே கணக்குதான். படிக்கிற திசையும் கயிறு போகிற திசையும் ஒன்றானால் கண் தானாகக் கயிற்றின் பின்னால் போகும். கடைசி பேனலில் அவள் பார்வை வலது விளிம்பில் முடிகிறது. தாளைத் திருப்ப விரல் வைக்கிற இடமும் அதுதான்.

பார்வை "மேலே" போகிறது என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேராகப் பார்த்தால் பின்னால் இருப்பது ஆள் என்று நினைப்போம். மேலே பார்த்தால்தான் அது ஆள் இல்லையோ என்ற சந்தேகம் கிளம்பும். பெரியவரின் "பய" அந்தச் சந்தேகத்தை உடனே அமுக்கிவிடும். படம் ஒன்று சொல்ல, வசனம் வேறொன்று சொல்ல, இந்த இழுபறியோடு தாள் திரும்ப வேண்டும்.

புதிதாக எழுதுகிறவர்கள் பேனல் விவரிப்பில் செய்யும் பெரிய பிழை எது?
– வாசகி, அண்ணாநகர், மதுரை

ஒரு பேனலுக்குள் சினிமா எடுப்பது. "அவள் பையை வைத்துவிட்டு, தூணைச் சுற்றி வந்து, காளையைக் கண்டு அலறுகிறாள்" என்று எழுதினால் ஓவியர் எதை வரைவார்? அது மூன்று பேனல். ஒரு பேனலில் ஒருவர் ஒரு செயலைத்தான் செய்ய முடியும். எழுதியதும் வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வினை அடுத்தடுத்து வந்தால் பேனலைப் பிளக்க வேண்டும்.

"அப்போது அவள் கண்ட காட்சி…" என்று கேப்ஷன் போட்டால் விறுவிறுப்பு கூடுமே?
– வாசகர், சோழவந்தான்

குறையும். ஏதோ வரப்போகிறது என்று தண்டோரா போட்டுவிட்டு வரும் காளை பாதிக் காளைதான். படம் காட்ட முடியாததை மட்டும் கேப்ஷன் சொல்லட்டும். முதல் பேனலில் இரவு என்பது படத்திலேயே தெரியும்; அது பொங்கலுக்கு முந்தின இரவு என்பது தெரியாது. மூன்றே சொல்லில் கேப்ஷன் வேலை முடிந்தது. காளை எதற்காக அங்கே நிற்கிறது என்பதற்கான விதையும் அதிலேயே விழுந்துவிட்டது.

ஆறாம் பக்கத்து முதல் பேனலில் கேப்ஷனே கூடாது. அங்கே எழுத்து இருந்தால் கண் முதலில் அதைப் படிக்கப் போகும். காளை காத்திருக்க வேண்டிவரும்.

ஒரு பலூனில் எத்தனை வார்த்தை?
– வாசகர், வாடிப்பட்டி

வார்த்தையை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள். "மிதிச்சிராத" என்பது ஒரே சொல், ஆனால் சின்ன பலூனில் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். ஐந்து பேனல் பக்கத்தில் ஒரு பலூனுக்கு மூன்று, நான்கு வரிக்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும் அல்லது தலையை வெட்ட வேண்டும். இரண்டுமே நடந்த புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இரும்புக்கை மாயாவியில் இந்தப் பக்கத் திருப்பம் எல்லாம் இருந்ததா?
– மூத்த வாசகர், சிவகாசி

உங்கள் ஊரிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வெளியிட்ட முதல் புத்தகமே மாயாவிதான் என்பதால் உரிமையோடு கேட்கிறீர்கள். மாயாவிக்குத் திருப்பம் உண்டு, ஆனால் இடம் வேறு. அந்தக் கதை 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடராகத் தொடங்கியது. வாராவாரம் சில பக்கங்கள்தான். எனவே அதிர்ச்சி அந்த வாரப் பகுதியின் கடைசி பேனலில் இருக்கும். பதிலுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அங்கே திரைச்சீலை தாள் இல்லை, நாள்காட்டி.

தொடரை முழுநீளப் புத்தகமாகக் கோக்கும்போது அந்த முடிச்சுகள் எந்தப் பக்கத்தில் விழும் என்பது யார் கையிலும் இல்லை. வலப்பக்கத்தின் கடைசியில் விழுந்தால் யோகம். இடப்பக்கத்தின் கடைசியில் விழுந்தால், மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கிற காட்சி எதிர்ப்பக்கத்தில் அப்போதே கண்ணில் பட்டுவிடும். பக்க அளவைச் சுருக்கி பேனல்களை வெட்டி அடுக்கினால் இன்னும் நிறைய இடம் மாறும். பழைய புத்தகம் வைத்திருந்தால் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, எந்த அதிர்ச்சி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். ஸ்கிரிப்ட் எழுத அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

ஜப்பானிய மாங்காவுக்கும் இதே கணக்குதானா?
– பள்ளி மாணவி, திருப்பரங்குன்றம்

கணக்கு அதே, கை வேறு. அது வலமிருந்து இடமாகப் புரள்கிறது. அதிர்ச்சி வலப்பக்கத்தில் காத்திருக்கும்.

எல்லாம் சரியாக எழுதினேன். அச்சில் வந்தபோது திருப்பம் செத்துப்போனது. ஏன்?
– வாசகர், அருப்புக்கோட்டை

இரண்டு சந்தேகம் உண்டு. முதலாவது, உங்கள் கதைக்கு முன்னால் ஒரு விளம்பரமோ ஆசிரியர் கடிதமோ கூடுதலாக ஒரு பக்கம் நுழைந்திருக்கும். ஒரு பக்கம் நகர்ந்தால் போதும், கதை முழுவதும் வலம் இடமாக, இடம் வலமாக மாறிவிடும். ஆகவே ஸ்கிரிப்டின் முதல் தாளிலேயே "கதை வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும், பக்கம் சேர்த்தால் இரண்டிரண்டாகச் சேர்க்கவும்" என்று எழுதுங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஏ4 தாளை மடித்துச் செருகினால் 32 பக்க மாதிரிப் புத்தகம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் என்ன நடக்கிறது என்று ஒரே வரி எழுதிப் புரட்டிப் பாருங்கள். தவறு கையிலேயே தட்டுப்படும்.

இரண்டாவது சந்தேகம் பலருக்குத் தோன்றாது: காகிதம். ஐந்தும் ஆறும் ஒரே தாளின் இரண்டு முகம். மலிவான மெல்லிய தாளில் ஆறாம் பக்கத்துக் கறுப்பு ஐந்தாம் பக்கத்தில் நிழலாகத் தெரியும். என் காளை கறுப்புக் காளையாக இருந்தால், மாணவி வைக்கோலைப் பார்க்கும்போதே அவள் பின்னால் கொம்பு தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தாள் என்றால் காளையை வெள்ளையாக்கி, இரவின் கறுப்பைப் படத்தின் ஓரங்களுக்குத் தள்ளச் சொல்லி ஓவியருக்கு ஒரு வரி சேர்ப்பேன். ஐந்தாம் பக்கத்திலும் அதே இடங்களில் இருட்டு இருந்தால் நிழல் நிழலோடு கலந்துவிடும்.

செல்போனில் படிப்பவர்களுக்கு?
– வாசகர், ஒத்தக்கடை

அங்கே தாள் இல்லை, விரல்தான். பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிக்கும் அமைப்பில் ஒவ்வொரு பக்கமும் தனியாக வரும் என்பதால் எல்லாப் பக்கத்துக்கும் திருப்பம் உண்டு. மேலிருந்து கீழே உருட்டிப் படிப்பது என்றால் ஐந்தாம் பேனலுக்குக் கீழே ஒரு திரை உயரத்துக்கு வெறும் இருட்டு விடுங்கள். கயிறு மட்டும் அந்த இருட்டுக்குள் இறங்கட்டும்.

படிப்பவர் முன்பே ஊகித்துவிட்டால்?
– வாசகி, மேலூர் (இரண்டாவது கேள்வி!)

ஐந்தாம் பக்கத்தை மட்டும் கொடுத்து, "கயிற்றின் அந்தப் பக்கம் என்ன?" என்று நாலைந்து பேரிடம் கேளுங்கள். நாய், ஆடு, பேரன் என்று ஆளுக்கொன்று வந்தால் தொடாதீர்கள். பாதிப்பேர் காளை என்றால் மூன்றாம் பேனலில் இருக்கும் வைக்கோலை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் காளை என்றால் கேப்ஷனில் இருக்கும் பொங்கலை எடுத்து, ஆறாம் பக்கத்தில் பெரியவர் வாயில் போடுங்கள். ஒருவருக்குமே எதுவும் தோன்றவில்லை என்றால் கயிறு கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இரண்டாம் பேனலில் அதைத் தடிமனாக வரையச் சொல்லுங்கள்.