‘ஓகே’ மாப்ளைக்கு மாமன் சொன்னது

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வையி. திட்டப் போறேன்னு பயப்படாத. திட்டி என்ன பிரயோசனம், அதுக்கும் ‘நோட்டட்’னு போட்டுட்டுப் போற ஆளுல்லா நீ!

குட்டையா எழுதுறதே குத்தம்னு நான் சொல்ல வரல. தந்தி இருந்த காலத்துல அதைவிடக் குட்டையா எவன் எழுதுனான்? ‘தாயார் கவலைக்கிடம் உடனே புறப்படு’. அம்புட்டுதான். சுகமான்னு ஒரு விசாரிப்பு கிடையாது, அன்புள்ளன்னு ஒரு தொடக்கம் கிடையாது. ஆனா ஒருத்தரும் அதுக்காவக் கோவிச்சுக்கிடல. வார்த்தைக்கு இவ்வளவுன்னு தபாலாபீசுல காசு வாங்குவான். ஏன் சுருக்கமா இருக்குன்னு வாசிக்கிறவனுக்கும் தெரியும். 2013 ஜூலையில சர்க்கார் அந்தத் தந்தியவே மூடிட்டுது. இப்ப உன் போன்ல வார்த்தைக்குக் காசு கிடையாது. அப்பவும் நீ ரெண்டே எழுத்துல முடிச்சா, வாசிக்கிறவன் காரணம் தேடத்தான் செய்வான். நீ சொல்லாத காரணத்தை அவனா ஒண்ணு வச்சுக்கிடுவான். அது என்னைக்கும் உனக்கு நல்லதா இருக்காது.

நம்ம வீட்டு விசயத்தையே சொல்லுதேன். எனக்குக் கண்புரை ஆபரேசன் ஆன அன்னிக்கு உங்க அத்தை ஒத்த விரலால குத்திக் குத்தி உனக்கு எழுதுனா. ‘மருமகனே, மாமாவுக்கு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிது. நாளைக்குக் கட்டுப் பிரிப்பாவ. சொட்டு மருந்து விடணுமாம், எனக்குக் கை நடுங்குது. நீ எப்ப வருவ?’ அதை அனுப்புறதுக்குள்ள அடுப்புல இருந்த பாலு பொங்கி வழிஞ்சிட்டு. நீலக் கோடு ரெண்டும் உடனே வந்துட்டு. பின்னாடியே உன் பதிலும் வந்துட்டு: ‘நோட்டட்.’

ஏ மாப்ளே, அவ உனக்குச் சுற்றறிக்கையா அனுப்புனா? அவ எழுதுனதுல நாலு சங்கதி இருக்கு. ஆபரேசன் முடிஞ்சது செய்தி. கட்டுப் பிரிக்கிறது தகவல். கை நடுங்குதுங்கிறது பயம். எப்ப வருவங்கிறது கேள்வி. செய்திக்கும் தகவலுக்கும் உன் ‘நோட்டட்’ சரிதான். பயத்துக்கு அது பதிலாகுமா? ‘எப்ப வருவ’ன்னு கேட்டவளுக்கு ‘குறிச்சுக்கிட்டேன்’னா என்ன அர்த்தம்? சுருக்கமான பதிலு சுள்ளுன்னு குத்துற முதல் இடம் இதுதான். எதிராளி ஒண்ணைக் கேட்டிருக்கான், நீ கேக்காததுக்குப் பதிலு சொல்லிட்டுப் போற.

‘ஆபரேசன் நல்லா முடிஞ்சதுல சந்தோசம் அத்தை. சொட்டு மருந்தை அடுத்த வீட்டுப் பிள்ளையை விட்டு விடச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காலையில வாரேன்.’ இதை அடிக்க உனக்கு அரை நிமிசம் ஆவுமா? அந்நேரம் வேலை கழுத்தைப் புடிச்சிருந்தா, ‘மீட்டிங்ல இருக்கேன் அத்தை, ராத்திரி பேசுதேன்’னு போடு. இதுவும் குட்டைதான். ஆனா காரணமும் சேந்து வந்துட்டுல்லா, அவ நிம்மதியா அடுப்பைத் துடைக்கப் போயிருவா.

இன்னொண்ணு பாரு. ‘நோட்டட்’டுங்கிறது ஆபீசுப் பேச்சு. கீழ இருந்து வந்த காயிதத்தைப் பாத்துட்டு மேல இருக்கவரு எழுதுறது. ஆபீசுக்குள்ள அது மேலருந்து கீழ வாரப்ப பெருசாத் தெரியாது. ஆனா கீழ இருக்கவன் மேல இருக்கவருக்கு எழுதுனா திமிரா விழும். வீட்டுக்குள்ள எழுதுனா நீ அதிகாரி, அவ மனு குடுத்தவன்னு ஆயிப்போவும். உனக்கு இது தெரியாததா? மூணு நாளு கண்முழிச்சு நீ ஒரு கணக்கு முடிச்சு அனுப்புன, உன் மேனேசர் ‘ஓகே’ன்னு மட்டும் போட்டாரு. ‘மாமா, அவருக்குப் புடிக்கலையோ’ன்னு ராத்திரி பூரா என் உசுரை எடுத்தியே! உழைப்பு எம்புட்டு நீளமோ, அதுக்கு வார பதிலு ரெண்டெழுத்தா இருந்தா வலிக்கத்தான் செய்யும். குடுக்கிறவரு கையில அதிகாரம் இருந்தா இன்னும் வலிக்கும். ‘மூணாவது பக்கத்துக் கணக்கு சரியா வந்திருக்கு’ன்னு அவரு ஒரு வரி எழுதியிருந்தா நீ தூங்கியிருப்ப, நானும் தூங்கியிருப்பேன்.

அதுக்காவ ‘ஓகே’ போடுற அத்தனை பேரும் முசுடுன்னு நினைச்சிராத. ஆளோட வழக்கம்னு ஒண்ணு இருக்கு. கனடாவுல சஸ்காச்சுவான்னு ஒரு மாகாணம். அங்க ஒரு விவசாயி, தானிய யாவாரி அனுப்புற ஒப்பந்தத்துக்கெல்லாம் போன்ல ‘ஓகே’, ‘யப்’னு ஒத்தை வார்த்தைதான் போடுவாரு, போட்டபடி சரக்கையும் குடுத்திருவாரு. 2021ல ஆளிவிதைக்கு ஒப்பந்தம் வந்தப்ப கட்டைவிரல் படத்தைப் போட்டாரு. சரக்கு போகல, விலை ஏறிட்டு. ‘காயிதம் கிடைச்சுதுன்னுதான் விரலைக் காட்டுனேன், சம்மதம்னு சொல்லல’ன்னாரு. 2023ல கோர்ட்டு ஒத்துக்கிடல. இவுங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் எப்படிப் பேசி வந்தாங்கன்னு பாத்து, விரலும் சம்மதம்தான்னு சொல்லி 82,000 டாலருக்கு மேல கட்டச் சொல்லிட்டுது. வீட்டு வழக்கும் அதே மாதிரிதான் தீரும். என்னைக்குமே ‘ஓகே’ போடுறவன் இன்னைக்கும் ‘ஓகே’ போட்டா அது சம்மதம். தினமும் நாலு வரி கிறுக்குறவன் திடீர்னு ‘ஓகே’ போட்டா, அடிச்சவனுக்கு ஒண்ணும் தெரியாது, வாசிச்சவ பொண்டாட்டியா இருந்தா அன்னிக்குச் சோறு ஆறிப்போவும்.

அந்த ‘ஓகே’வுக்குப் பின்னால ஒரு புள்ளி வேற வைக்கியே, அதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா? 2015ல அமெரிக்காவுல பிங்காம்டன் பல்கலைக்கழகத்துல கல்லூரிப் பிள்ளைகளை வச்சு இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஒத்தை வார்த்தைப் பதிலுக்கு முற்றுப்புள்ளி வச்சா, வைக்காததைவிட மனசுல இருந்து வராத மாதிரி வாசிக்கிறவுகளுக்குப் பட்டிருக்கு. அதையே கையால எழுதுன சீட்டுல காட்டுனா வித்தியாசமே தெரியல. போன்ல செய்தியை அனுப்புறதே முடிச்சதுக்கு அடையாளம். அதுக்கு மேலயும் ஒரு புள்ளி குத்துனா, கதவைச் சாத்திட்டுத் தாழும் போட்ட கணக்கு.

‘தேங்க்ஸ்’ கதை தனி. கடைக்காரருக்குச் சொல்லு, ஆட்டோக்காரருக்குச் சொல்லு, சந்தோசப்படுவாவ. ஊறுகாப் பரணி அனுப்புன உங்க ஆச்சிக்கு ‘தேங்க்ஸ்’னு மட்டும் போட்டா, ‘கணக்கைத் தீத்துட்டானாக்கும்’னு கேக்கா. ‘நார்த்தங்காய் இந்தத் தடவை நல்லா ஊறியிருக்கு ஆச்சி’ன்னு சொல்லு. அடுத்த மாசம் ரெண்டு பரணி வரும்.

இதைக் கேட்டுட்டு நாளைக்கே ‘பஸ் ஏறிட்டேன்’னு நான் போட்டதுக்கு நாலு பத்தி எழுதிராத, படிக்கக் கண்ணுல தெம்பு இல்ல. அதுக்குச் ‘சரி மாமா’ போதும். நூறு பேரு இருக்கிற குரூப்புல நூறு ‘ஓகே’ போட்டு அறிவிப்பை மேல தள்ளாம இருந்தீகன்னா அதுவே புண்ணியம். கேள்வி இருந்தா பதிலு சொல்லு, பாடுபட்டிருந்தா பாத்ததைச் சொல்லு, மத்ததுக்குக் குட்டையே போதும். என்ன, தலையை ஆட்டுத? வாயைத் திறந்து ஒரு வார்த்தை முழுசாச் சொல்லு மாப்ளே, அதுக்கும் எவனும் காசு கேக்க மாட்டான்.