மாமனார் கட்டிய சீக்கோ

எங்கள் வீட்டில் மணி என்ன என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. என் மேஜை டிராயர் நிறைய பழைய வாட்ச் கிடக்கிறது. ஒன்றின் நேரம் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அது தஞ்சாவூரில் ஒரு குறையே இல்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்பதைத் தவிர, நேரத்தைப் பற்றி எங்கள் பக்கத்துக்கு வேறு பதற்றம் கிடையாது. ஆனாலும் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு அடுத்தவர் மணிக்கட்டை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கல்யாண வீடுகளில் என்னைப் பந்தியின் கடைசியில் உட்காரவைப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் மனைவியின் கணிப்பு.

இந்தப் புகழை நம்பித்தான் மச்சினன் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தான். உள்ளே மாமனாரின் சீக்கோ 5.

"அத்தான், அப்பா 74-ல சிங்கப்பூர்ல வாங்கினது. ஆண்டிக். பத்தாயிரத்துக்குக் கேட்டாங்க, நான் கொடுக்கல. நம்ம வீட்டோடயே இருக்கட்டும்னு உங்ககிட்ட கொண்டாந்தேன்."

கேட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் இவன் பஸ் ஏறியிருக்க மாட்டான்.

சீக்கோ 5 என்பது கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்தில் சாதாரணம். சபுராளி ஊருக்கு வந்தால் பெட்டியில் சென்ட்டு, கைலி, டார்ச் லைட்டோடு இதுவும் வரும். ஜப்பான்காரன் 1963-ல் ஆரம்பித்து லட்சக்கணக்கில் செய்து தள்ளினான். அதனால் வயது ஆனது என்பதற்காக மட்டும் இதற்கு விலை ஏறாது. அந்த விதி எனக்கும் பொருந்தும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முதலில் டயல். லென்ஸை வைத்து ஆறு மணிக் குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிப் பார்த்தேன். எறும்பு எழுதியது போன்ற பொடி எழுத்தில் 'ஜப்பான்' என்றும், 7009 என்று தொடங்கும் ஒரு எண்ணும் இருந்தன. சந்தையில் பளபளவென்று ஆரஞ்சிலும் மயில் நீலத்திலும் கிடைக்கும் சீக்கோக்களில் பெரும்பாலும் இந்தப் பொடி எழுத்து இருக்காது, இருந்தாலும் தடித்துக் கலைந்திருக்கும். பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்து, நாலு வாட்ச்சின் உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்து விற்பவை அவை. சேகரிப்பவர்கள் 'பம்பாய் ஸ்பெஷல்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இது அப்படியில்லை. வெள்ளி நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தது. பெயர் அச்சடித்ததாக இல்லாமல் உலோகத்தில் பதித்துத் தூக்கலாக நின்றது. மங்கல் எனக்குப் பிடித்திருந்தது. வினாடி முள் மட்டும் மற்ற இரண்டைவிடப் புதிதாகப் பளிச்சிட்டது, யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து பின்மூடி. அங்கே பொறித்திருக்கும் எண்ணின் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மிஷினின் பெயர். அது டயலில் உள்ள நான்கு இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். டயலில் 7009, முதுகில் 6309 என்றிருந்தால் அது யாரோ செய்துவைத்த கலப்புத் திருமணம். இங்கே இரண்டிலும் 7009. டயலில் அடுத்து வரும் எண் பின்மூடியில் இருப்பதற்குச் சற்று மாறலாம், அதற்காகப் பதற வேண்டியதில்லை.

அதே பின்மூடியில் தனியாக ஆறு எழுத்தில் வரிசை எண். முதல் எழுத்து வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்பது மாதம் வரை எண், அக்டோபருக்கு 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. இதில் 4, அடுத்து 'என்'.

"பாத்தீங்களா, நாலு! 74 நவம்பர்!" என்று மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான். மாமியாரும் அடுப்படியிலிருந்து, "அவரு தீபாவளிக்குக் கட்டிக்கிட்டு வந்தாரே" என்று ஒத்து ஊதினார்.

நாலு என்றால் 1974-ஆகவும் இருக்கலாம், 1984, 1994-ஆகவும் இருக்கலாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதே இலக்கம் திரும்பி வரும். எந்தப் பத்து என்று தீர்க்க மிஷினைத்தான் கேட்க வேண்டும். 7009 மிஷின் எழுபதுகளின் பிற்பாதியில் வந்தது. 74-ல் அது பிறக்கவே இல்லை. 94-ஐ எங்கள் கல்யாண ஆல்பம் தள்ளுபடி செய்தது: 1988-ல் மாமனார் தாரை வார்க்கும் படத்தில் இதே வாட்ச் மணிக்கட்டில் இருக்கிறது. அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், அட்சதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு. ஆக 1984 நவம்பர்.

இதோடு நிறுத்தியிருந்தால் சோறு சூடாகக் கிடைத்திருக்கும். நாலு மணிப் பக்கம் இருக்கும் சாவிக் குமிழை ஒரு கிளிக் இழுத்துக் கிழமையைத் திருப்பினேன். இங்கிலீஷில் ஒரு கிழமை, அடுத்து அரபியில் ஒரு கிழமை. சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் விற்றவற்றில் பெரும்பாலும் சீன எழுத்து இருக்கும். அரபி வந்தால் வளைகுடாவுக்குப் போன சரக்கு. கிழமைத் தகட்டை ரிப்பேர்க்காரர் மாற்றவும் முடியும் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. நான் சொன்னேன்.

"எங்க அப்பாவையே சந்தேகப்படுறீங்களா?" என்றாள் மனைவி. துபாயிலிருந்து வந்த யாரிடமாவது மாமா வாங்கியிருப்பார் என்று சமாளித்தேன். மாமியார் ரசத்தை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தார். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

குமிழில்தான் உண்மையான குறை. சீக்கோ 5-ல் அது சின்னதாக, உடம்புக்குள் அமுங்கி, எழுத்து எதுவும் இல்லாமல் இருக்கும். இதில் தடியாக வெளியே துருத்திக்கொண்டு, இன்னொரு கம்பெனி முத்திரையோடு இருந்தது. அளவு பொருந்தாத குமிழ் என்றால் அந்த வழியாக ஈரம் போகும். கண்ணாடியின் உள்பக்கம் லேசான புகை மூட்டமும் அதைத்தான் சொன்னது. மாமனார் சம்பா நடவுக்கு வரப்பில் நின்றதும், வியர்வையும் சேறும் அதன் வழியே உள்ளே போனதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"சாவி கொடுத்தா ஏற மாட்டேங்குது அத்தான், அதான் ஒரே கவலை" என்றான் மச்சினன். 7009-க்குக் கையால் சாவி ஏறாது. கையை ஆட்டினால்தான் ஏறும். பகல் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு ராத்திரி கழற்றி வைத்தேன். நல்ல நிலையில் 40 மணி நேரம் போல ஓட வேண்டியது, விடியற்காலையே நின்றுவிட்டது. எண்ணெய் வறண்டிருக்கிறது. கழற்றிக் கழுவியாக வேண்டும்.

கணக்கைக் காகிதத்தில் எழுதினேன். சர்வீஸ் செய்து, உறுப்பு மாறாத இதே மாதிரி 7009-க்கு எங்கள் ஊர் ரிப்பேர்க் கடையில் கேட்கும் விலை 3,500. சர்வீஸுக்கு 900 கழித்தாச்சு. சரியான குமிழும் ரப்பர் வளையமும் 300. மிச்சம் 2,300. டயல் மறுபெயின்ட்டாக இருந்திருந்தால் பாதிக்குப் பாதி போயிருக்கும். உடம்பின் விளிம்புகள் பாலிஷில் தேயாமல் கூர்மையாக இருப்பதால் அதில் குறைக்க ஒன்றுமில்லை. வினாடி முள்ளுக்கு 100 குறைக்கலாம் என்று தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.

"2,300" என்றேன்.

"பத்தாயிரம் எங்க, ரெண்டாயிரம் எங்க!" என்று மச்சினன் கைக்குட்டையை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

மாமியார் வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை சொன்ன கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. "84-ன்னே வச்சுக்குங்க, துபாய்ன்னே வச்சுக்குங்க. ஐயாயிரமா கொடுத்திருங்க."

இரண்டாயிரத்து எழுநூறு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி அதற்குள் பீரோவைத் திறந்துவிட்டாள், என் பர்ஸ் இருக்கும் பக்கக் கதவை.